பன்னிரண்டு கயிற்றில் ஒன்று: ஆண்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு விலகிய மாணவி – நிகழ்வு ஆய்வு

பின்னணி

அம்பாசமுத்திரம் பக்கம் உள்ள ஒரு நடுநிலைப் பள்ளியில் நடந்தது இது. நான் அங்கே தமிழாசிரியை. நிகழ்ச்சிப் பொறுப்பு என்னுடையது இல்லை. பாட்டு எழுதிக் கொடுத்ததும், ஒத்திகையில் ஜால்ரா போட்டதும்தான் என் வேலை. அதனால் இரண்டு பக்கமும் நடந்ததைப் பார்க்கிற இடத்தில் இருந்தேன். மாணவியின் அம்மாவிடம் பிறகு விரிவாகப் பேசினேன். அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

பிப்ரவரிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆண்டு விழா. ஏழு, எட்டாம் வகுப்புப் பெண்கள் 12 பேர் பின்னல் கோலாட்டம் ஆடுவதாக இருந்தது. பொறுப்பாசிரியை கணக்கு டீச்சர். ஐந்து வாரமாக மதியச் சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரம் பழக்கிக்கொண்டிருந்தார்.

பின்னல் கோலாட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒரு குழு நடனத்தில் ஒரு பிள்ளை வராவிட்டால் மற்றவர்கள் தள்ளி நின்று இடத்தை நிரப்பிவிடலாம். இதில் அது முடியாது. மேடையின் மேல் விட்டத்தில் ஒரு இரும்பு வளையம், அதிலிருந்து 12 வண்ணக் கயிறுகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் இடது கையில் கயிறு, வலது கையில் ஒரே ஒரு கோல். ஆறு பேர் வலமாகவும் ஆறு பேர் இடமாகவும், ஒருத்தி விட்டு ஒருத்தியாக நிற்பார்கள். எதிரே வருகிறவளை ஒரு தடவை உள்பக்கமாகவும் அடுத்தவளை வெளிப்பக்கமாகவும் கடக்க வேண்டும். கடக்கும்போது கோலோடு கோல் ஒரு தட்டு. அப்படியே போனால் மேலே பின்னல் இறங்கி வரும். பிறகு எல்லோரும் திரும்பி, கடைசியில் யாரைக் கடந்தார்களோ அவரை முதலில் கடந்து, வந்த வழியே போனால் பின்னல் அவிழும்.

இதில் தப்பு நடந்தால் உடனே தெரியாது. பின்னும்போது ஒருத்தி உள்ளே போவதற்குப் பதில் வெளியே போனாலும் பின்னல் அது பாட்டுக்கு இறங்கும், பார்க்கிறவர்களுக்கும் அழகாகவே இருக்கும். அவிழ்க்கிற பாதியில்தான் கயிறு சிக்கி நிற்கும். சிக்கியதை மேடையில் வைத்து எடுக்க முடியாது.

செவ்வாய், புதன்

செவ்வாய்க்கிழமை ஒத்திகைக்கு 12 பேரும் வந்திருந்தார்கள். வாடகைக்கு எடுத்த பாவாடை சட்டையைப் போட்டுப் பார்த்து, அவரவர் வீட்டுக்கே கொடுத்தனுப்பினோம். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தலை வலிக்கிறது என்று சொன்னாள். வெயில்தான் காரணம் என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று ராத்திரி அவளுக்குக் காய்ச்சல். புதன்கிழமை காலையில் நெஞ்சிலும் வயிற்றிலும் சிவப்பாகச் சில கொப்புளங்கள். ஆச்சி பார்த்ததுமே அம்மை என்று சொல்லிவிட்டார்கள். வாசலில் வேப்பங்குழை கட்டி, பிள்ளையைத் தனியாகப் படுக்க வைத்தாகிவிட்டது. அம்மை கண்ட வீட்டில் அதை வெளியே பேசுவது இல்லை என்பது ஆச்சியின் கண்டிப்பு. தண்ணீர் ஊற்றி முடியும்வரை ஆள் வரவும் கூடாது, தாக்கல் போகவும் கூடாது.

அதனால் பள்ளிக்கு வந்த செய்தி இவ்வளவுதான்: பக்கத்து வீட்டுப் பிள்ளை வகுப்பில் வந்து, "அவளுக்கு மேலுக்கு முடியலயாம் டீச்சர்" என்று சொன்னாள். வகுப்பாசிரியை அதை வருகைப் பதிவேட்டில் குறித்தார். பொறுப்பாசிரியைக்கு அது மதியம்தான் எட்டியது, அதுவும் ஒரு கயிறு சும்மா தொங்குவதைப் பார்த்து அவரே கேட்டபோது. ஒரு நாள் காய்ச்சல், வெள்ளிக்குள் சரியாகிவிடும் என்று அவர் நினைத்தார். அந்தத் தகவலை வைத்துக்கொண்டு வேறு எதையும் நினைக்க இடமில்லை.

புதன் ஒத்திகை 11 பேரோடு நடந்தது. அவளைக் கடக்க வேண்டிய பிள்ளைகளுக்கு எதிரே ஆள் இல்லை, கோல் தட்டும் சத்தமும் இல்லை. தாளத்தை எண்ணிக்கொண்டு ஒரு தட்டு காலியாக விட்டுவிட்டுப் போயிருந்தால் பின்னலில் ஒரு இழைதான் குறைந்திருக்கும், சிக்கியிருக்காது. ஆனால் பிள்ளைகள் தாளத்தை எண்ணுவது கிடையாது, எதிரே வரும் ஆளைத்தான் எண்ணுவார்கள். ஆள் வராததும் ஒரு அடி முன்னே போய் அடுத்தவளைத் தப்பான பக்கத்தில் கடந்துவிட்டார்கள். மூன்று தடவை ஆடியதில் மூன்று தடவையும் அவிழ்க்கும்போது சிக்கியது.

குரல் செய்தி

வீட்டில் அன்று சாயங்காலம் நடந்ததை அம்மா பிறகு என்னிடம் சொன்னார்கள். பிள்ளை படுக்கையில் இருந்துகொண்டே, "டீச்சர்ட்ட சொல்லும்மா, நான் இல்லன்னா கயிறு சிக்கும்" என்று அழுதிருக்கிறாள். ஆட முடியவில்லையே என்பதைவிட மற்றவர்கள் மாட்டிக்கொள்வார்களே என்கிற கவலைதான் அவளுக்கு. ஐந்து வாரம் ஆடிப் பழகியவள், அவளுக்கு விஷயம் தெரியும்.

ஆச்சி தூங்கியபின் ஒன்பது மணிக்கு மேல் அம்மா பொறுப்பாசிரியைக்குப் போன் போட்டிருக்கிறார்கள். அவர் எடுக்கவில்லை. பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி அனுப்பினார்கள். இரண்டரை நிமிடம். அதை நானும் கேட்டேன். முதல் ஒரு நிமிடம் மன்னிப்பு. அப்புறம் காய்ச்சல், சாப்பிட மாட்டேன் என்கிறாள், அவளுக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது என்று போய், கடைசியில் இப்படி முடிகிறது: "எப்படியும் வெள்ளிக்கிழமை பாப்போம் டீச்சர், முடிஞ்சா கூட்டிட்டு வாரேன்."

கூட்டிக்கொண்டு வர முடியாது என்பது அந்த அம்மாவுக்கு அப்போதே நன்றாகத் தெரியும். பிறகு ஏன் அப்படிச் சொன்னார்கள்? நான் கேட்டேன். "மூஞ்சில அடிச்சாப்ல வரமாட்டான்னு எப்படிச் சொல்ல? அவங்களும் எவ்வளவு கஷ்டப்பட்டுப் பழக்குதாங்க" என்றார்கள். மரியாதைக்காகச் சொன்ன சொல்தான். நம்ம ஊரில் கல்யாணத்துக்கு வர முடியாத ஆள்கூட 'வரப் பாக்கேன்' என்றுதான் சொல்வார். கேட்கிறவருக்கும் அர்த்தம் புரியும். ஆனால் பந்தியில் ஒரு இலை குறைவதும் வளையத்தில் ஒரு கயிறு குறைவதும் ஒன்றில்லை. அந்தப் 'பாப்போம்' ஆசிரியையின் கையைக் கட்டிப்போட்டது. வருவாளோ என்னவோ என்று இருக்கிறவரை ஆட்டத்தை மாற்றவும் முடியாது, மாற்றாமல் விடவும் முடியாது.

ஆசிரியை பக்கமும் ஒரு தவறு உண்டு. ராத்திரி 10 மணிக்குச் செய்தியைக் கேட்டவர் "சரிம்மா, உடம்பைப் பாத்துக்கோங்க" என்று பதில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டார். வருவாளா மாட்டாளா என்று திருப்பிக் கேட்டிருந்தால் அன்றைக்கே முடிவு தெரிந்திருக்கும்.

வியாழன் காலை: என்ன காய்ச்சல்?

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஆசிரியை போன் செய்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். டாக்டரிடம் காட்டினீர்களா என்று இரண்டு தடவை கேட்டும் அம்மா சுற்றிச் சுற்றியே பேசினார்கள். அப்புறம் ஆசிரியை கேட்ட கேள்விதான் வழி திறந்தது: "ஏம்மா, அம்மையா?" அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஆமா டீச்சர். யார்ட்டயும் சொல்லிராதீங்க. அத்தைக்குத் தெரிஞ்சா சத்தம் போடுவாங்க."

இந்த இடத்தில் விஷயம் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று வெள்ளிக்கிழமை மேடை. இன்னொன்று, 11 பிள்ளைகள் இரண்டு நாள் அவளோடு தோளுரச ஆடியிருக்கிறார்கள் என்பது.

சின்னம்மை கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே பரவும். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை பரவிக்கொண்டிருக்கும். தொற்றிய பிள்ளைக்கு உடனே வராது. 10 முதல் 21 நாள் ஆகும், பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தெரியும். அப்படியானால் செவ்வாய்க்கிழமை தொற்றியிருந்தாலும் வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகாது. வந்தால் மார்ச் நடுவில், வகுப்புத் தேர்வு நேரத்தில் வரும். விழா முடிந்தபின் சொல்லிக்கொள்ளலாமே என்று ஒரு பேச்சு அறையில் எழுந்தது. ஆசிரியை ஒத்துக்கொள்ளவில்லை. அதற்கு அவர் சொன்ன காரணங்களில் இரண்டு முக்கியமானவை. முன்பு அம்மை வராத பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டுப் பயன் உண்டு என்றால் அது அம்மை கண்டவளோடு பழகிய மூன்று முதல் ஐந்து நாளுக்குள்தான். இந்த ஊசி அரசின் வழக்கமான தடுப்பூசிப் பட்டியலில் இல்லாததால் நிறையப் பிள்ளைகள் போட்டிருக்க மாட்டார்கள். இரண்டாவது, உடை அளவெடுத்த ஆசிரியை ஐந்து மாதக் கர்ப்பிணி. அவருக்குச் சின்ன வயதில் அம்மை வந்திருக்கிறதா என்பது அன்றைக்கே தெரிந்தாக வேண்டும்.

தலைமையாசிரியரிடம் விஷயத்தைச் சொன்னார்கள். கர்ப்பிணி ஆசிரியைக்கு எட்டு வயதில் அம்மை வந்திருந்தது. இருந்தாலும் டாக்டரைப் பார்த்துக் கேட்டுவரச் சொல்லி மதியமே அனுப்பினார்கள், பயமில்லை என்று சொல்லிவிட்டார்கள். 11 வீட்டுக்கும் பெயர் சொல்லாமல் ஒரு தாள் போனது: பள்ளியில் ஒரு பிள்ளைக்குச் சின்னம்மை, வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் டாக்டரைக் கேளுங்கள், மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் கொப்புளம் வரட்டும் என்று காத்திராமல் அன்றே வீட்டில் நிறுத்துங்கள்.

பெயர் போடாததால் ரகசியம் காப்பாற்றப்பட்டதா என்றால் இல்லை. கோலாட்டத்தில் வராமல் இருப்பவள் ஒருத்திதான். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. இதற்கு நல்ல வழி எனக்கு இன்னமும் தெரியவில்லை. அம்மாவுக்கு முன்கூட்டியே போன் செய்து, இப்படி ஒரு தாள் போகிறது, ஆள் யாரென்று ஊகித்துவிடுவார்கள் என்று சொல்லியிருக்கலாம். அதைச் செய்யவில்லை. செய்திருக்க வேண்டும்.

வியாழன் மதியம்: பன்னிரண்டா, பத்தா?

ஆட்டத்துக்கு மூன்று வழிகள் இருந்தன. ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளை தினமும் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள், அவளைச் சேர்க்கலாம். கயிறில்லாத சாதாரணக் கோலாட்டமாக மாற்றலாம். அல்லது இரண்டு பேரைக் குறைத்து 10 பேரோடு பின்னலாம். ஒருவரை மட்டும் குறைக்க வழியில்லை, வலம் போகிறவர்களும் இடம் போகிறவர்களும் சரிக்குச் சரியாக இருந்தாக வேண்டும்.

முதலில் ஜன்னல் பிள்ளையைச் சேர்த்துப் பார்த்தோம். பின்னுவது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் திரும்பும் இடத்தில் எந்தப் பக்கம் முதல் அடி என்பது கண்ணால் பார்த்து வருவதில்லை, உடம்பில் ஏற வேண்டும். நான்கு தடவையில் மூன்று தடவை சிக்கியது. இரண்டாவது வழிக்கு உடையும் பாட்டும் பொருந்தும், ஆனால் அந்த அடிகளை யாரும் பழகவில்லை. கடைசியில் 10 பேர் என்று முடிவானது.

இங்கேதான் கணக்கு டீச்சர் கணக்கு டீச்சராக இருந்தது உதவியது. 12 பேர் ஆடும்போது ஒரு பிள்ளைக்கு எதிர்ப்படுகிறவர்கள் ஆறு பேர். முதலில் கடந்தவள் ஏழாவது தட்டில் திரும்ப எதிரே வருவாள். பிள்ளைகள் அவளைத்தான் அடையாளமாக வைத்திருந்தார்கள்: ஆறு ஆறாக நான்கு சுற்று, 24 தட்டு, பிறகு திரும்ப வேண்டும். 10 பேர் ஆனால் எதிர்ப்படுகிறவர்கள் ஐந்து பேர், நான்கு சுற்றுக்கு 20 தட்டுத்தான் வரும். பாட்டிலோ 24 தட்டு இருக்கிறது. இன்னொரு நான்கு தட்டுப் பின்னச் சொன்னால் சுற்றின் நடுவில் திரும்ப வேண்டியிருக்கும், அடையாளம் குழம்பும். அதனால் நான்கு சுற்றை அப்படியே வைத்துக்கொண்டு, மிச்சம் உள்ள நான்கு தட்டுக்கு நின்ற இடத்தில் கால் தட்டச் சொன்னார். அவிழ்க்கும்போதும் அதே கணக்கு. மூன்றாவது தடவையே சிக்கில்லாமல் வந்தது.

சரி, குறைக்க வேண்டிய இரண்டாவது பிள்ளை யார்? வரிசை கெடாமல் இருக்க, வராதவளுக்குப் பக்கத்தில் எதிர்த்திசையில் போகிறவளைத்தான் எடுக்க வேண்டும். அவள் நன்றாக ஆடுகிறவள், ஒரு நாள்கூட ஒத்திகைக்கு வராமல் இருந்ததில்லை. ஆசிரியை அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். ஜால்ராவை என்னிடமிருந்து வாங்கி அவளிடம் கொடுத்து, மேடை ஓரத்தில் மைக் முன் உட்கார்ந்து 'உள்ளே, வெளியே' சொல்லும் வேலையும் கொடுத்தார். தேவையான வேலைதான், ஆறுதலுக்குக் கொடுத்ததில்லை. ஆனாலும் அவள் தலையை ஆட்டினாளே தவிர ஒன்றும் பேசவில்லை.

வெள்ளியும் அதற்குப் பிறகும்

ஆட்டம் நடந்தது, பின்னல் அவிழ்ந்தது. திரும்பும் இடத்தில் ஒரு பிள்ளை அரை நொடி தயங்கினாள், பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. அம்மை கண்ட பிள்ளைக்கு வீடியோ அனுப்பினோம்.

விழா முடிந்த இடத்திலேயே ஜால்ரா போட்ட பிள்ளையின் அம்மா வந்தார்கள். "யாரோ ஒரு பிள்ளைக்கு முடியலன்னா எம்பிள்ளை என்ன செஞ்சா? ஊர்லருந்து அவ மாமாவெல்லாம் ஆட்டம் பாக்க வந்திருக்காங்க." வியாழன் மதியமே அவர்களுக்கும் ஒரு போன் போட்டிருக்க வேண்டும். விலகியவர் பக்கமே ஓடிக்கொண்டிருந்ததில், விலக்கப்பட்டவரின் வீட்டுக்குச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வாடகை உடை ஒன்று அம்மை வீட்டில் இருந்தது. ஆள் வரக் கூடாத வீட்டிலிருந்து அதை எடுப்பது எப்படி என்று யாரும் யோசிக்கவில்லை. துவைத்து வெயிலில் காயப்போட்டு ஒரு வாரம் கழித்து வந்தது. கடைக்காரர் கூடுதல் நாளுக்குக் காசு வாங்கிக்கொண்டார், அதை அம்மாவே கொடுத்துவிட்டார்கள்.

செவ்வாயிலிருந்து 14ஆம் நாள் ஒரு பிள்ளைக்கும் 16ஆம் நாள் இன்னொரு பிள்ளைக்கும் அம்மை வந்தது. முதல் பிள்ளையின் வீட்டில் தாளை ஞாபகம் வைத்திருந்து, காய்ச்சல் வந்த அன்றே நிறுத்திவிட்டார்கள். இரண்டாவது பிள்ளை கொப்புளத்தோடு ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்துவிட்டுத்தான் போனாள். ஒரு தேர்வு அவளுக்குப் போனது.

எதை மாற்றுவோம்

அம்மாவும் நானும் உட்கார்ந்து, அந்தப் புதன்கிழமை காலையில் எப்படிச் சொல்லியிருக்கலாம் என்று எழுதிப் பார்த்தோம். இவ்வளவுதான் வந்தது:

"வணக்கம் டீச்சர். நான் எட்டாம் வகுப்பு (பெயர்) அம்மா. பிள்ளைக்கு இன்று காலை அம்மை கண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை கோலாட்டத்துக்கு வர மாட்டாள். மற்ற பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள், பெயர் மட்டும் வேண்டாம். உடை எங்களிடம் இருக்கிறது, எப்படிக் கொடுக்க என்று சொல்லுங்கள். பார்த்ததும் ஒரு பதில் போடுங்கள்."

குரல் செய்தியைவிட எழுத்து நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. பேசினால் மன்னிப்பு நீண்டு, விஷயம் கடைசிக்குப் போய்விடுகிறது. 'வர மாட்டாள்' என்ற சொல்லை எழுதும்போது அம்மா கொஞ்சம் தயங்கினார்கள். 'இயலாது' என்று போடலாமா என்று கேட்டார்கள். போடலாம், அர்த்தம் ஒன்றுதானே. அனுப்ப வேண்டியது பொறுப்பாசிரியைக்கு. வகுப்புக் குழுவில் போட்டால் ஊருக்குத் தெரியும், பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லிவிட்டால் பாதிதான் போய்ச் சேரும். காரணம் தொற்றுநோய் இல்லாமல் துட்டியோ வேறு வீட்டு விஷயமோ ஆக இருந்தால், 'வீட்டில் ஒரு காரணம்' என்பதே போதும், பள்ளி அதற்கு மேல் கேட்க வேண்டியதில்லை. பரவும் நோய் என்றால் மட்டும் நோயின் பெயரைச் சொல்லியாக வேண்டும்.

பள்ளிப் பக்கம், இந்த வருடம் ஆரம்பத்திலிருந்தே 14 பேரைப் பழக்குகிறோம், மேடையில் ஆடப்போவது 12 பேர். யார் அந்த இரண்டு பேர் என்பதை முன்னாலேயே சொல்லிவிட்டோம், வாரம் ஒரு நாள் அவர்களும் நடுவில் ஆடுகிறார்கள். ஒத்திகைக் கடிதத்தில் பொறுப்பாசிரியையின் எண் இருக்கிறது, ராத்திரி எந்த நேரமானாலும் எழுதிப் போடலாம் என்று ஒரு வரியும் இருக்கிறது. 'பாப்போம்' என்று பதில் வந்தால் மறுநாள் காலை எட்டு மணிக்குள் திருப்பிக் கேட்பது, அதற்கும் தெளிவான பதில் இல்லையென்றால் வரமாட்டாள் என்றே வைத்துக்கொண்டு ஆட்டத்தை மாற்றுவது என்று எங்களுக்குள் பேசி வைத்திருக்கிறோம்.

ஜால்ரா போட்ட பிள்ளையையும் இந்த வருடக் கோலாட்டத்துக்குக் கூப்பிட்டோம். அவள் பெயர் கொடுக்கவில்லை.